புள்ளையக் கை கழுவின உம்மா

எங்களுக்குக் கிடைச்சது ஆங்கிலத்தில் ஒரு ஸ்கிரிப்ட். ஒரு தாய், ஒரு பிள்ளை, கிருமி வேசம் போட்ட நாலு பேர். கல்முனைப் பக்கத்து ஊர்களில் வீதி நாடகமாகப் போடத்தான் கேட்டிருந்தாங்க. கலைப்பீடத்து ஆக்கள்தானே நாங்க, ரெண்டு நாளில் மொழிபெயர்த்து முடிச்சிட்டோம்.

முதல் ஒத்திகையிலேயே மாட்டிக்கொண்டோம். தாய் பெருமையாகச் சொல்ற வசனம்: "நான் என் பிள்ளையைக் கை கழுவிவிட்டேன்." பார்த்துக்கொண்டிருந்த பொடியன்கள் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. பெத்த புள்ளையத் தலைமுழுகின உம்மாவாக அவளை ஆக்கியிருந்தோம். "புள்ளைட கையக் கழுவிட்டன்" என்று எங்கட வீட்டுல பேசுற மாதிரி எழுதினதும் வசனம் நேராச்சு. அதுக்குப் பிறகு அகராதியை மூடி வைச்சிட்டு எங்கட உம்மாமாரைத்தான் கேட்டோம்.

ரெண்டாவது பிழை பெரிசு. சாய்ந்தமருது கடற்கரையில் முதல் தடவை போட்டபோது கட்டியக்காரன் கூட்டத்தைப் பார்த்து, "சாப்பிட முந்திக் கை கழுவுறீங்களா?" என்று கத்தினான். "ஓம்!" என்று பதில் வந்தது. அவ்வளவுதான். ஆமா இல்லை என்று முடியுற கேள்வியோட நாடகமும் முடிஞ்சு போகும் என்று அண்டைக்குத்தான் விளங்கினது. முன்னுக்கு நின்ற ஒரு மூத்தப்பா எழும்பி, "தம்பிமார், அஞ்சு வேளையும் ஒளு எடுக்கிற ஆக்களுக்கா கை கழுவப் படிப்பிக்கிறீங்க?" என்றார்.

அவர் சொன்னது நியாயம். தண்ணீரில் கையைக் கழுவுறதை இந்த ஊருக்கு யாரும் புதுசாகச் சொல்லத் தேவையில்லை. இல்லாமல் இருந்தது சவுக்காரம். கக்கூசுக்குப் போய் வந்ததும், புள்ளைக்குக் கால் கழுவிவிட்டதும், சோறு பிசைய முந்தியும். வெறும் தண்ணி ஏன் போதாது என்று காட்டக் கிருமி வேசமும் தேவைப்படல்ல. மீன் வெட்டின கை போதும். மீனெண்ணெய் தண்ணீரோட கலக்காது, தோலிலேயே ஒட்டிக்கொண்டு இருக்கும். சவுக்காரம்தான் அந்த எண்ணெயையும் அதில் ஒட்டின அழுக்கையும் பிடிச்சுத் தண்ணீரோட அனுப்பும். இது கடற்கரைப் பொம்பிளைகளுக்கு மூக்காலேயே தெரிஞ்ச விசயம். அதனால் இப்படி மாத்தினோம்:

"மீன் வெட்டின கை, தண்ணி ஊத்தினன், மணம் போச்சா?"
"போகல்ல!"
"இன்னும் ஒரு வாளி ஊத்தினன், போச்சா?"
"போகல்ல!"
"அப்ப என்னதான் போட?"
"சவுக்காரம்!"

கடைசிப் பதிலை நாங்க சொல்லிக் குடுக்கல்ல. கூட்டம் தானாகவே சொன்னது.

ஆந்திராவில் சித்தூர் பக்கத்துக் கிராமங்களில் 'சூப்பர் அம்மா' என்று ஒரு முயற்சி நடந்திருக்கு. அதன் ஆய்வு 2014ல் வெளியானது. அழுக்குக் கையால் லட்டுப் பிடிக்கிற ஒருத்தனைக் காட்டி, நோய்ப் பாடம் எடுக்காமல், அருவருப்பையும் தாய்ப்பாசத்தையும் தொட்டிருக்காங்க. ஆறு மாசத்துக்குப் பிறகு, கழுவ வேண்டிய நேரங்களில் சவுக்காரம் போட்டது அந்தக் கிராமங்களில் 37 சதவீதம், முயற்சி நடக்காத கிராமங்களில் 6 சதவீதம். அதைப் படிச்ச பிறகு கிருமி வேசத்தை வெட்ட எங்களுக்குக் கவலையே வரல்ல. (வேசம் தைச்சவனுக்கு மட்டும் கோபம்.)

மிச்சம் இருந்தது இருபது விநாடி. ஸ்கிரிப்டில் ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணச் சொல்லியிருந்தது. ஏழுக்கு மேல யாருக்கும் பொறுமை இல்ல. கரைவலை இழுக்கிற ஆக்கள் அம்பா பாடுறதைக் கேட்டிருப்பீங்க. ஒருத்தர் எடுத்துக் குடுப்பார், மற்றவங்க பதில் சொல்லிக்கொண்டே கயிற்றை இழுப்பாங்க. பதில் எப்பவும் சின்னது, மாறாதது, கை வேலையோட சேர்ந்தது. நாங்களும் அப்படியே செய்தோம். அழைப்புக்கு ரெண்டு விநாடி, பதிலுக்கு ரெண்டு விநாடி. ஐந்து சோடி சொன்னால் இருபது.

"உள்ளங்கை ரெண்டும்!" "இழுத்துத் தேய்!"
"புறங்கை ரெண்டும்!" "இழுத்துத் தேய்!"

பிறகு விரலிடுக்கு, பெருவிரல், நகக்கண். கட்டியக்காரன் அவசரப்பட்டால் பதினாலிலேயே முடிஞ்சிடும், அதனால் ஒவ்வொரு பதிலுக்கும் றபான் ஒரு தட்டு.

மருதமுனையில் போட்டபோது ஆம்பிளைகளும் பொடியன்களும் நல்லாவே கத்தினாங்க. கேற்றுக்குப் பின்னால் நின்ற பொம்பிளைகள் வாய் திறக்கல்ல. றோட்டில் ஆம்பிளைகளுக்கு முன்னால் கத்துறது எங்கட ஊர்ப் பழக்கம் இல்ல, அது எங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேணும். சவுக்காரம் போடுற கை அவங்கட கை. பதில் சொன்னது மற்ற ஆக்கள். அடுத்த தடவை எங்கட கூட்டத்துப் பிள்ளைகள் மட்டும் ஒரு வளவுக்குள்ள பொம்பிளைகளுக்குப் போட்டாங்க. "இழுத்துத் தேய்" வந்த இடத்தில் குரவையே வந்ததாம்.

அங்கே ஒரு ராத்தா கேட்ட கேள்விக்கு எங்கட ஸ்கிரிப்டில் பதில் இல்ல. "சவுக்காரம் கிணத்தடியில, கக்கூசு வளவுக் கடைசியில. அங்க வைச்சால் காகம் தூக்கிட்டுப் போகுது. என்ன செய்ய?" எல்லாரும் முழிச்சாங்க. பக்கத்தில் இருந்த ஒரு மூத்தம்மாதான், பழைய வலைத்துண்டில் சவுக்காரத்தை முடிச்சுப் போட்டுக் கக்கூசுக் கதவில் தொங்க விடச் சொன்னா. இப்ப நாடகத்தின் கடைசிக் காட்சி அதுதான். வலைத்துண்டு மட்டும் ஒவ்வொரு தடவையும் பொடியன்கள் கழட்டிட்டு ஓடிடுறாங்க.