நூற்றைம்பது புருவங்களின் வாடகை

மதுரையில் வைகையின் வடகரையைச் சேர்ந்த செல்லூரில், தறிகளுக்குப் பேர்போன தெருக்களை ஒட்டிய ஒரு சந்தின் முனையில், அகலம் 10 அடியும் நீளம் 12 அடியும் உள்ள ஓர் அறையில், பெண்களுக்கான சிறிய அழகு நிலையம் ஒன்று நடக்கிறது. அதன் உரிமையாளர் ஆற்றுக்குத் தென்கரையில் உள்ள பெரிய பார்லர் ஒன்றில் 9 ஆண்டுகள் உதவியாளராக இருந்தவர். இத்தொழிலில் உதவியாளராகச் சேரும் பெண்கள் அநேகர். சொந்தமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்களோ சொற்பம். இந்த அம்மையார் அதை எவ்வாறு சாதித்தார் என்பதை அறிந்துகொள்ளும் ஆவலோடுதான் நான் அங்கே போனேன்.

நான் போன சமயம் கல்லூரி மாணவி ஒருத்திக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தார். சாதாரணப் பருத்தித் தையல் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வது பழைய வழக்கம். கொரோனாக் காலத்துக்குப் பின் அவர் அதை விட்டுவிட்டு, நூலைக் கழுத்தில் மாட்டி இழுத்துக்கொள்கிறார். நடுவில் நூல் பலமுறை முறுக்கப்பட்டிருக்கிறது. விரல்கள் விரிந்து குவியும்போது அந்த முறுக்கு முன்னும் பின்னுமாக ஓடி, முடியைக் கவ்வி வேரோடு இழுத்தெறிகிறது. மாணவி ஒரு கையால் இமையைக் கீழேயும் மற்றொரு கையால் நெற்றியை மேலேயும் இழுத்துப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி தளர்ந்தால் தோல் மடிந்து நூலில் சிக்கிக்கொள்ளும். உடனே ஊசிமுனை அளவு ரத்தம் துளிர்க்கும். சற்று நேரத்துக்கெல்லாம் அவர் நூலை விளக்கொளியில் தூக்கிக் காட்டினார். அதில் ஒட்டியிருந்த முடிகளின் அடியில் வெண்மையான சிறு முனைகள் தெரிந்தன.

"இந்த வெள்ளை வேர் வந்தாத்தாம்மா சரியா எடுத்ததுன்னு அர்த்தம். வேர் இல்லாம வந்தா முடி நடுவுல அறுந்துபோச்சு. மூணாம் நாளே குத்திக்கிட்டு நிக்கும். அடுத்த தடவை அந்தப் பிள்ளை வேற கடைக்குப் போயிரும்" என்றார்.

நூல் முடி வளரும் திசைக்கு எதிராகச் செல்லவேண்டும். முறுக்கின் இறுக்கம் ஒரே அளவில் நிற்கவேண்டும். இவ்விரண்டும் கைக்கு வர அவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்திருக்கிறது. பழைய பார்லரில் சேர்ந்த புதிதில் தரையில் விழுந்த முடியைக் கூட்டுவதும், துண்டு துவைப்பதும், மருதாணி கரைப்பதுமே அவருடைய வேலைகள். வீட்டுக்கு வந்தபின், தன் முழங்காலுக்குக் கீழுள்ள முடியைத் தானே நூலால் எடுத்துப் பழகினார். வாடிக்கையாளரின் முகத்தில் கை வைக்க முதலாளியம்மா அனுமதித்தது அதற்கெல்லாம் பிறகுதான். இந்தத் தாமதத்தை அவர் குறையாகச் சொல்லவில்லை. பொறுமையின்றி முகத்தில் பழகியவர்களின் கைப்பட்ட புருவங்கள் இரு பக்கமும் சமமாக வராமல், சமன் செய்யும் பிரயத்தனத்தில் மேலும் மேலும் மெலிந்து, மீண்டும் அடர்ந்து வளர மாதக்கணக்கில் ஆனதை அவர் பார்த்திருக்கிறார்.

இனி அவருடைய சேமிப்பின் கதை. தபால் நிலையத்தில் மாதம் 1,000 ரூபாய் வீதம் ஐந்தாண்டுத் தொடர் வைப்பு ஒன்றை முதலில் தொடங்கினார். முதிர்ந்தபோது வட்டியோடு 70,000 ரூபாயை ஒட்டி வந்தது. அது முடிந்ததும் 25 பேர் சேர்ந்து மாதம் 2,000 ரூபாய் கட்டும் ஏலச் சீட்டில் சேர்ந்தார். சீட்டை முன்னதாக எடுக்கிறவர் தள்ளுபடி அதிகமாகக் கொடுக்கவேண்டியிருக்கும் என்பதால், இடையில் வந்த இரண்டு மூன்று ஆசைகளை அடக்கிக்கொண்டு, கடைசி மாதங்கள் வரை காத்திருந்து 48,000 ரூபாய் எடுத்தார். இவை தவிர வார விடுமுறை நாட்களில், மணப்பெண் அலங்காரம் செய்யும் ஒருவருக்குத் துணையாகப் போய், முகூர்த்தப் பட்டுப்புடவையை முந்தின நாளே மடிப்பெடுத்து, இஸ்திரி போட்டு, ஊக்கு குத்தித் தயாராக வைத்துக் கொடுக்கும் வேலையில் 16,000 ரூபாய் சேர்த்தார். ஆக மொத்தம் 1,34,000.

இந்தத் தொகையில் அறை முன்பணம் மட்டும் 60,000 ரூபாயை விழுங்கிவிட்டது. தலை அலசும் தொட்டிக்கும் குழாய் வேலைக்கும் 15,000. தச்சர் செய்த கண்ணாடிச் சட்டத்துக்கும் அலமாரிக்கும் 20,000. ஏறி இறங்கும் நாற்காலியைப் பழையதாக 9,000 ரூபாய்க்கு வாங்கினார். கிரீம், சாயம், மெழுகு முதலிய சரக்குக்கு 12,000. எஞ்சிய 18,000 ரூபாயை, அதாவது மூன்று மாத வாடகையை, கடை திறக்கும்வரை அவர் தொடவே இல்லை. முடியை நேராக்கும் சாதனமும் குளிர்சாதனப் பெட்டியும் தவணையில் தர வியாபாரிகள் முன்வந்தும் மறுத்துவிட்டார். என் அபிப்பிராயத்தில் அவருடைய சாமர்த்தியம் முழுவதும் இந்த மறுப்பிலும் அந்த 18,000 ரூபாயிலுமே அடங்கியிருக்கிறது. ஏனெனில் இத்தொழிலின் வருமானம் பஞ்சாங்கத்தைப் பின்பற்றி நடப்பது: தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் கல்யாணங்கள் நெருக்கும், ஆடியும் மார்கழியும் வந்துவிட்டால் மணப்பெண் அலங்காரம் அடியோடு நின்றுவிடும், வாடகையும் தவணையும் மட்டும் நிற்பதில்லை. அதை அறிந்தே அவர் ஆடியில் குழாய் வேலையையும் தச்சு வேலையையும் முடித்துக்கொண்டு, ஆவணி முதல் முகூர்த்தத்தில் கடை திறந்தார்.

பழைய வாடிக்கையாளரின் தொலைபேசி எண்களை எடுத்துவரவில்லையா என்று கேட்டேன். "அது மேடத்தோட புஸ்தகம்மா. தேடிக்கிட்டு வந்தவங்களை வேணாம்னு சொல்லலை. நானாக் கூப்பிடலை" என்றார். அதனால் முதல் மூன்று மாதங்கள் மிகவும் மந்தமாகவே போயின; ஒதுக்கி வைத்த பணம் அப்போதுதான் உதவிற்று.

வருமானத்தை விட்டுக்கொடுக்கும் மற்றொரு வழக்கமும் அவரிடம் கண்டேன். தங்கையின் கல்யாணம் மறுநாள் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண்மணி தலைக்குக் கருஞ்சாயம் போட வந்தார். புதிதாகப் போடுபவருக்குக் காதின் பின்புறம் சிறிது தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகே தலைக்குப் போடுவது இவருடைய நியதி. சாயங்களில் உள்ள பாரா-பினைலின்-டையமீன் என்ற பொருள் சிலருக்கு ஒவ்வாமல், முகமும் இமைகளும் வீங்கிப் போவதுண்டு. அந்த வீக்கம் பெரும்பாலும் உடனே வராமல் ஓரிரு நாள் கழித்தே வரும். வந்தவர் எவ்வளவோ வற்புறுத்தியும் இவர் இசையவில்லை. நரை தெரியாதபடி கொண்டை போட்டுப் பூ வைத்துவிடுகிறேன் என்று சொல்லி, அதற்குரிய சிறு கூலியோடு திருப்தியடைந்தார்.

அறையின் வாடகை 6,000 ரூபாய். புருவத்துக்கு 40 ரூபாய். ஆகவே வாடகை என்பது அவர் கணக்கில் 150 பேருடைய புருவம், மாதத்தில் 25 வேலை நாளென்றால் நாளைக்கு 6 பேர். மணப்பெண் பணத்தை அவர் வாடகைக்கு எடுப்பதில்லை. சரக்குக்கும் பழுதுக்கும் ஆடி மாதத்துக்கும் அது தனியாக நிற்கிறது. காய்ச்சலில் படுத்தால் கதவைப் பூட்டவேண்டியதுதான். மாற்றுக் கை கிடையாது. பதினொரு மாத ஒப்பந்தம் முடியும் தருவாயில் இப்போது வீட்டுக்காரர் நூற்றுக்குப் பத்து கூட்டிக் கேட்கிறார். 6,600 என்றவுடன் இவர் வாய் தானாக "165" என்று சொல்லிற்று. கூலியை 50 ஆக்கினால் 132 புருவங்கள் போதும். ஆனால் பத்து ரூபாய்க்காக எத்தனை பேர் அடுத்த தெருவுக்குப் போவார்கள் என்பதை அவரால் நிச்சயிக்க முடியவில்லை. கையெழுத்துப் போடுமுன் வீட்டுக்காரரிடம் ஒன்று மட்டும் கேட்கப்போவதாகச் சொன்னார்: கூடுதல் வாடகை ஆடியில் வேண்டாம், ஆவணியிலிருந்து ஆரம்பிக்கட்டும்.