கார்டின் முகத்தைப் படியுங்கள்

கல்யாணமோ காதுகுத்தோ கோயில் திருவிழாவோ, இப்போது தோட்டத்தில் எடுக்கும் படமெல்லாம் விரல்நகம் அளவுள்ள மெமரி கார்டில்தான் தங்குகிறது. அந்தக் கார்டு போலியாக இருந்தால் என்ன நேரும் என்பதை என் பழைய மாணவி ஒருத்தியின் வீட்டில் கண்டேன்.

அவள் தன் அண்ணன் கல்யாணத்துக்காக இணையக் கடை ஒன்றில் 128 ஜிபி கார்டை 15 வெள்ளிக்கு வாங்கியிருந்தாள். நலங்கு முதல் விருந்து வரை எல்லாம் அதில்தான் பதிவாயின. பிறகு எடுத்துப் பார்த்தால் படங்களின் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. பாதிக்கு மேல் திறக்கவில்லை. "போன் கெட்டுப்போச்சா சார்?" என்று கேட்டாள். நல்ல வேளை, கார்டு வந்த உறையை அவள் எறியவில்லை. இரண்டையும் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தோம்.

கார்டின் மேல் 128 என்ற எண்ணும், மைக்ரோ எஸ்.டி. என்ற பெயருக்குப் பக்கத்தில் எச்.சி. என்ற இரண்டு எழுத்தும் இருந்தன. குட்டு அங்கேயே வெளிப்பட்டது. எச்.சி. என்பது 32 ஜிபி வரை உள்ள கார்டுகளுக்கு உரிய குறி. அதற்கு மேல் 2 டிபி வரை எக்ஸ்.சி. என்றுதான் இருக்க வேண்டும். ஆகவே 128-ம் எச்.சி.யும் ஒரே கார்டில் சேர்ந்திருக்க முடியாது. அவள் வைத்திருந்த உறையிலோ எக்ஸ்.சி. என்று சரியாகவே அச்சடித்திருந்தார்கள். உறை ஒன்று சொல்ல, உள்ளே இருப்பது வேறொன்று சொல்லியது.

மற்றவை அதன் பிறகே கண்ணில் பட்டன. எழுத்துகளின் ஓரம் மை கசிந்தது போல் மங்கியிருந்தது. பின்புறத்தில் தயாரிப்பு எண்ணோ நாட்டின் பெயரோ இல்லை. பிளாஸ்டிக் விளிம்பில் பிசிறு தட்டுப்பட்டது. ஆனால் இவற்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஒரே கம்பெனியின் நல்ல கார்டுகளிலும் எழுத்தின் வடிவமும் எண் இருக்கும் இடமும் சற்று மாறி வருவதுண்டு. முரண்பட்ட குறிதான் வலுவான சாட்சி.

இந்த மோசடி நடக்கும் விதம் எளிது. சிறிய பால்வாளியின் மேல் பெரிய வாளியின் அளவை எழுதி வைத்தது போலத்தான். கார்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு, தன் கொள்ளளவு 128 என்று கைப்பேசியிடம் பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். உண்மையான இடம் நிறைந்ததும் அடுத்து வருவது வழிந்து போகும், அல்லது பழையதை அழித்துக்கொண்டு உட்காரும். பெயர் மட்டும் மிஞ்சும்.

திறந்த படங்களை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, கார்டைக் காலி செய்து, கணினியில் H2testw என்ற இலவச நிரலால் சோதித்தோம். அது கார்டு முழுவதையும் எழுதி நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். 8 ஜிபி கூடத் தேறவில்லை. நலங்குப் படங்கள் தப்பின. தாலி கட்டிய நேரமும், பாட்டி எழுந்து நின்று வாழ்த்திய காட்சியும் போய்விட்டன.

இணையத்தில் வாங்குமுன் படங்களை எப்படிப் பார்ப்பது? கடைக்காரர் முதலில் போட்டிருப்பது பெரும்பாலும் கம்பெனியின் விளம்பரப் படம். அதில் எல்லாம் சரியாகவே இருக்கும். கீழே, வாங்கியவர்கள் போட்டிருக்கும் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். எண்ணும் குறியும் ஒத்துப்போகின்றனவா, உறையும் கார்டும் ஒன்றையே சொல்கின்றனவா, உறையில் எழுத்துப்பிழை உண்டா என்று பாருங்கள்.

பென்டிரைவுக்கு இந்த எழுத்துக்குறி கிடையாது. அதில் செருகும் முனையைப் பாருங்கள். பழைய அகல முனையில், உறை 3.0 என்று சொன்னால் உள்ளே மொத்தம் ஒன்பது உலோகத் தொடுபுள்ளிகள் இருக்க வேண்டும்: முன்னால் நான்கு, பின்னால் ஐந்து. நீல நிறப் பிளாஸ்டிக் வைத்து, நான்கே புள்ளிகளோடு விற்பதுண்டு. அது வேகத்தைப் பற்றிய பொய். அதைச் சொல்பவர் கொள்ளளவிலும் சொல்லத் தயங்கமாட்டார்.

ஒன்றுக்குப் பயப்பட வேண்டாம். 64 ஜிபி கார்டை விண்டோஸ் கணினியில் போட்டால் 59 சொச்சம் என்றுதான் காட்டும். அது எண்ணும் முறையில் உள்ள வேறுபாடு, மோசடி அல்ல.

படம் பொய்யைக் காட்டிக்கொடுக்கும். மெய்யென்று சான்று தராது. அச்சு அசலாக அச்சடித்த போலியும் உண்டு. ஆகவே கார்டு கைக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் நாள் கடப்பதற்குள், ஒரு படம்கூட எடுக்குமுன் முழுவதும் நிரப்பிச் சோதியுங்கள். உறையையும் அதுவரை எறியாதீர்கள்.