நான்காம் பாடவேளை

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குக் காலைப் பணியாளர்களை ஏற்றிச்செல்லும் பேருந்துகள் விடியுமுன்பே புறப்பட்டுவிடும். அப்பகுதிப் பள்ளியொன்றில் நான் தமிழாசிரியராகப் பணியாற்றியபோது, பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி நண்பகலுக்கு முந்தைய நான்காம் பாடவேளையில் நாள்தோறும் மேசைமீது தலை சாய்ப்பாள். சோம்பல் என்றெண்ணி ஒருநாள் கடிந்துகொண்டேன். அவள் மறுமொழி கூறவில்லை.

அவ்வாண்டு அவளது குழு, சிற்றுண்டிச்சாலை உணவும் மாணவர் சுறுசுறுப்பும் என்னும் செயல்திட்டத்தை மேற்கொண்டது. உண்டது யாது, எப்பொழுது, முன்னிரவு எத்தனை மணிநேரம் உறங்கினோம் என்பவற்றை ஒவ்வொருவரும் குறித்தனர். ஒவ்வொரு பாடவேளையின் முடிவிலும் தம் சுறுசுறுப்புக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இட்டனர்.

அவளது ஏட்டில் இரண்டாம் பாடவேளைக்கு இரண்டு மதிப்பெண். பதினொரு மணி இடைவேளையில் சமோசாவும் இனிப்புப் பானமும் உட்கொண்டபின் அது நான்காக உயர்ந்தது; நான்காம் பாடவேளையில் மீண்டும் இரண்டாகச் சரிந்தது. சமோசாவே குற்றவாளி எனக் குழு முடிவெழுதியது.

அறிக்கையின் மொழிநடையைத் திருத்த அமர்ந்த நான், காலையுணவுக் கட்டம் நாள்தோறும் வெறுமையாக இருப்பதைக் கண்டேன். தாய் விடியலில் வேலைக்குச் செல்ல, தம்பிக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டு அவள் உண்ணாமலே ஓடிவருகிறாள். இரவு எட்டு மணிக்கு உண்டவளுக்குப் பதினைந்து மணிநேரம் கழித்துக் கிடைக்கும் முதலுணவு அந்தச் சமோசாதான்.

மறுவாரம் இடைவேளையில் கொண்டைக்கடலைச் சுண்டல் உண்டாள். ஐம்பது கிராம் கடலையில் ஏறத்தாழப் பத்துக் கிராம் புரதம் உண்டு; அதன் மாவுச்சத்தும் மெல்லச் செரிக்கும். நான்காம் பாடவேளை மதிப்பெண் மூன்றானது. ஆயினும் இரண்டாம் பாடவேளையில் மாற்றமில்லை. காலையில் பழைய சோறு உண்டுவந்த நாள்களில்தான் அதுவும் உயர்ந்தது.

முடிவுகளுக்கு எல்லையும் உண்டு. காலையில் நன்கு உண்டவர்களும் பிற்பகல் இரண்டு மணிக்குச் சோர்ந்தனர். அஃது உடலின் நாள்முறைக் கடிகாரத்தின் இயல்பு. சிற்றுண்டிச்சாலையைக் குறைகூற இயலாது. சுண்டல் நல்லது என்னும் நம்பிக்கையே மதிப்பெண்ணைச் சற்று உயர்த்தியிருக்கவும் கூடும்.

1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இன்று பத்தாம் வகுப்பு வரை பயன்தருகிறது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப்பள்ளிச் சிறார்க்கு உரியது. பதினோராம் வகுப்பினர் இவ்விரண்டிற்கும் வெளியே நிற்கின்றனர். ஆதலால், இல்லத்தில் உண்ணாது வருபவருக்குச் சிற்றுண்டிச்சாலையில் கிடைப்பதே காலையுணவாகிறது. தலைமையாசிரியரிடம் இதனை எடுத்துரைத்தோம். முதல் மணி அடிக்குமுன்பே அங்குச் சுண்டல் விற்கத் தொடங்கினர்.

அதன்பின் வகுப்பில் எவரேனும் தலை சாய்த்தால் நான் கடிந்துகொள்வதில்லை. அருகில் சென்று, "காலையில் சாப்பிட்டாயா அம்மா?" என்றுதான் கேட்கிறேன்.