இருக்கையின் உயரம்

வயதானவர்களுக்குக் கார் வாங்கும்போது எல்லோரும் மைலேஜ், விலை, ஏர்பேக் என்றுதான் ஆரம்பிக்கிறோம். அப்பாவுக்கு வண்டி மாற்ற வேண்டியிருந்தபோது நான் ஒரு டேப்போடு ஆரம்பித்தேன். தையல் பெட்டியில் கிடந்த பழைய டேப்.

அப்பாவுக்கு 74 வயது. கும்பகோணத்தில் அம்மாவோடு இருக்கிறார். இரண்டு முட்டியிலும் தேய்மானம், இடது முட்டி ரொம்ப மோசம். கண், காது, நிதானம் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு வருடமாகக் கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. கேட்டால் "அலைச்சல்மா" என்பார். அம்மாதான் ஒருநாள் போனில் சொன்னாள்: "அலைச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல. மண்டப வாசல்ல கார்லேந்து எந்திரிக்க முடியல. நாலு பேர் ஓடியாந்து கை குடுக்கறாங்க. அது உங்கப்பாவுக்குப் பிடிக்கல."

அண்ணன், "இனிமே ஓட்ட வேணாம், ஆக்டிங் டிரைவர் வச்சுக்கலாம், அப்பா பக்கத்துல உக்காந்து வரட்டும்" என்றான். அப்பா, "ஓட்டறது சிரமமில்லடா, பக்கத்து சீட்டுல ஏறி எறங்கறதுதான் சிரமம்" என்றார். வீட்டில் எல்லோரும் இதை வீம்பு என்றே எடுத்துக்கொண்டோம். ஆனால் அவர் ஏறி இறங்குவதைக் கிட்டே நின்று பார்த்தால், சொன்னது அப்படியே உண்மை.

நம் ஊர் வண்டியில் ஓட்டுநர் இருக்கை வலது பக்கம். அதில் ஏறும்போது இடது கால் முதலில் உள்ளே போகிறது, உடம்பின் எடை முழுக்க வலது காலில் நிற்கிறது. இறங்கும்போது வலது காலை முதலில் ஊன்றி எழுகிறோம். பக்கத்து இருக்கையில் எல்லாம் தலைகீழ். வலது கால் உள்ளே போக, இடது காலில் நிற்க வேண்டும். இறங்கும்போதும் இடது காலைத்தான் முதலில் ஊன்ற வேண்டும். அப்பாவுக்கு மோசமான முட்டி இடது முட்டி. ஆகவே பெற்றோரில் யாருக்கு எந்த முட்டி, அவர் எந்தப் பக்கம் உட்காரப்போகிறார் என்பதுதான் முதல் கேள்வி.

அடுத்தது உயரம். அதற்கு ஷோரூமுக்கே போக வேண்டாம். ஹால் சோபாவிலிருந்து எழ அப்பா இரண்டு கையையும் ஊன்றுகிறார். அதன் உயரம் 38 சென்டிமீட்டர். சாப்பாட்டு நாற்காலி 45, ஒரு கை போதும். பழைய கட்டில் 53, கையே வேண்டாம். மெத்தைமேல் மெத்தை போட்டு 62 ஆக்கிப் பார்த்தோம். பாதம் தரையில் முழுதாகப் படியவில்லை, விளிம்பிலிருந்து வழுக்கி இறங்கினார். ஆக அவருக்குத் தோது 50க்கும் 58க்கும் நடுவில். காரிலிருந்து எழும்போது கால் ஊன்றுவது வெளியே தரையில் என்பதால், அளவைத் தரையிலிருந்துதான் எடுக்க வேண்டும். இருக்கையின் வெளி விளிம்பை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து அளந்தால் சரியாக வரும். ஸ்பாஞ்சு தொய்ந்துபோன எங்கள் பழைய காரில் 44 வந்தது.

தஞ்சாவூர் ஷோரூம் பையன், "சாருக்கு எஸ்யூவிதான் மேடம் கம்ஃபர்ட். குனியவே வேணாம்" என்றான். குனிய வேண்டாம்தான், ஆனால் ஏற வேண்டும். அந்த வண்டியில் இருக்கை 70. கீழ்த்தளமே 40க்கு மேல். இடது முட்டியை அவ்வளவு உயரம் மடக்கித் தூக்கி வைக்கும்போது அப்பா முகம் சுருங்கியது. இறங்கும்போது அதைவிட மோசம். கடைசிக் கொஞ்ச தூரம் தொப்பென்று விழுந்து, அதிர்ச்சி முழுவதும் முட்டியில் இறங்கியது. தாழ்வான செடானில் 47தான். கூரையும் சரிவாக இருந்ததால் தலையைக் குனிந்துகொண்டே எழ வேண்டும். உயரமான ஹாட்ச்பேக்கில் 55. அப்பா ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "இது நம்ம கட்டில் மாதிரி" என்றார்.

முட்டி வலி உள்ளவர்கள் ஒரு காலை உள்ளே வைத்து ஏறுவதைவிட, வெளியே பார்த்தபடி முதலில் உட்கார்ந்துவிட்டு, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புவது நல்லது. அதற்கு வண்டியும் ஒத்துழைக்க வேண்டும். கதவுக்கு அடியில் இருக்கும் வாசற்படி போன்ற பட்டை அகலமாக இருந்தால் பின்பக்கம் இருக்கைக்கு எட்டாது. இருக்கையின் ஓரம் மேடாக இருந்தால் திரும்பும்போது தொடையில் இடிக்கும். பிடிமானத்தையும் பார்க்க வேண்டும். நிறைய வண்டிகளில் பக்கத்து இருக்கைக்கு மேலே கைப்பிடி இருக்கும், ஓட்டுபவருக்கு இருக்காது. அவர் கதவைப் பிடித்து எழுவார், கதவு நகரும்.

இனி கியர். கிளட்ச் மிதிப்பது இடது கால் என்பதால் ஆட்டோமேட்டிக் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதில் வகைகள் உண்டு. 2014இல் மாருதி செலேரியோவோடு இங்கே வந்த ஏ.எம்.டி. என்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சையும் கியரையும் மனிதனுக்குப் பதில் ஒரு இயந்திரக் கை மாற்றுகிறது. விலை மேனுவலைவிட சுமார் 50 ஆயிரம்தான் கூட. கியர் மாறும்போது ஒரு சின்னத் தயக்கம் இருக்கும். சி.வி.டி.யும் டார்க் கன்வர்ட்டரும் ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கேட்கும், ஆனால் ஓட்டம் வழவழவென்று இருக்கும்.

ரோட்டில் அந்தத் தயக்கம் பெரிய விஷயமில்லை. எங்களுக்கு அது தெரிந்தது வீட்டு வாசல் சரிவில். டெஸ்ட் டிரைவ் வண்டியை வீட்டுக்கே கொண்டுவரச் சொன்னோம். தெருவிலிருந்து போர்ட்டிகோவுக்கு ஏறும் சரிவில் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் ஏ.எம்.டி. வண்டி ஒரு சாண் பின்னால் உருண்டது. அப்பா பதறி ஆக்சிலரேட்டரை அழுத்தினார். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை, பிறகு விருட்டென்று பாய்ந்தது. எதிரே நாலு அடியில் சுவர். சரிவில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வசதி இருந்தால் இது குறையும். அந்த வண்டியில் இல்லை. மற்றொரு வண்டி சி.வி.டி. பிரேக்கை விட்டதும் தானாகவே முன்னால் ஊர்ந்தது, மெல்ல அழுத்தியதும் ஏறிவிட்டது. அதில் இருக்கை 58, அப்பாவின் அளவில் கடைசி எல்லை. இருக்கையை அடிமட்டத்துக்கு இறக்கினால் 56. அதையே எடுத்தோம். பெயர் சொல்லிப் பயனில்லை. உங்கள் வீட்டுக் கட்டில் வேறு, சரிவு வேறு.

வண்டி வந்ததும் மூன்று ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காலி மைதானத்தில் பழகினார். முதல் நாள் ஓட்டத்திலேயே இடது கால் கிளட்ச்சைத் தேடிப் போய் பிரேக்கை ஓங்கி மிதித்தது. வண்டி குத்திட்டு நின்றது, சீட் பெல்ட்தான் என்னைப் பிடித்தது. நாற்பது வருடப் பழக்கம். அதற்குப் பிறகு இடது காலை நன்றாகப் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டார். சமதளத்தில் வண்டியை ஒதுக்கும்போது ஆக்சிலரேட்டரையே தொடுவதில்லை என்று ஒரு விதியும் வைத்தோம். பிரேக்கை விட்டால் ஊரும், மிதித்தால் நிற்கும், அது போதும்.

அண்ணனின் பயத்திலும் நியாயம் உண்டு. ஆட்டோமேட்டிக் இடது காலுக்குத்தான் ஓய்வு தரும். வலது கால் பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் தடுமாறாமல் மாற வேண்டும். பெடலைக் குனிந்து பார்க்கிறாரா, சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருக்கிறதா, பின்னால் பார்க்கக் கழுத்து திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். இதில் எது இருந்தாலும் ஆட்டோமேட்டிக் கூடுதல் ஆபத்து. மேனுவலில் பதற்றத்தில் கிளட்ச்சை மிதித்தால் இழுவை அறுந்துவிடும், இதில் அந்த வழி கிடையாது. அப்பாவிடம் இப்போது மூன்றும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது, இருட்டிய பின் ஓட்டுவதில்லை என்று இருவரும் பேசி முடித்திருக்கிறார்கள்.

போன மாதம் சுவாமிமலையில் ஒரு கல்யாணம். "காலையிலயே கெளம்பிட்டாரு, என்னை அவசரப்படுத்தறாரு" என்று அம்மா போனில் புலம்பினாள். மண்டப வாசலில் யாரோ கை நீட்டினார்களாம். அப்பா அந்தக் கையில் மொய்ப் பையைக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றாராம்.