ஷட்ஜத்துக்குப் பின் பஞ்சமம்

ஏழு ஸ்வரங்களைப் புதிதாக வருபவருக்குக் காட்டும் ஸ்லைடுகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் வருகின்றன. ஸ, ரி, க, ம, ப, த, நி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். ஷட்ஜத்துக்கு மயில், ரிஷபத்துக்குக் காளை. பெயர்களை மனப்பாடம் செய்ய இது போதும். காது பழகுவதற்கு வரிசை வேறு. நந்தனத்திலோ மயிலாப்பூரிலோ ஒரு வீட்டில் பாட்டு வகுப்பு தொடங்கும்போது, ஆசிரியர் வாய் திறப்பதற்கு முன்பே சுருதிப்பெட்டி ஸ-வையும் ப-வையும் ஒலிக்கத் தொடங்கிவிடும். ஸ்லைடுகளும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

முதல் ஸ்லைடு ஷட்ஜத்துக்கு மட்டும். அதற்கு நிலையான உயரம் கிடையாது. பாடுபவரின் குரலுக்கு வசதியான இடமே ஸ. ஆண்கள் பலர் ஒரு கட்டையை ஒட்டியும் பெண்கள் பலர் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் பாடுகிறார்கள். ஆர்மோனியத்தின் ஒரு கட்டையைக் காட்டி ‘இதுதான் ஸ’ என்று சொல்லும் படம் முதல் நாளிலேயே தவறாகப் பழக்குகிறது.

இரண்டாவது ஸ்லைடில் பஞ்சமமும் மேல் ஷட்ஜமும் சேர்ந்து வரலாம். கணக்கு எளிதாக இருக்க ஸ வினாடிக்கு 240 அதிர்வு என்று கொண்டால், மேல் ஸ அதன் இரு மடங்கான 480. ப ஒன்றரை மடங்கு, 360. இந்த எளிய விகிதத்தால்தான் இரண்டும் உரசாமல் இழைகின்றன. ப 363-க்கு ஏறிவிட்டால் வினாடிக்கு ஆறு முறை ஒலி பருத்து மெலிவது கேட்கும். குரலைச் சற்றே இறக்கும்போது அந்தத் துடிப்பு தளர்ந்து நின்றுவிடும். நின்ற இடம்தான் பஞ்சமம். இசையறிவு துளியும் இல்லாதவரும் இந்தத் துடிப்பைக் கண்டுகொள்வார். ஆகவே இந்த ஸ்லைடில் படத்தைவிட ஒலி முக்கியம்.

இந்த இணையைச் சிலப்பதிகாரமும் அறிந்திருக்கிறது. மதுரைப் புறஞ்சேரியில், தீய நிமித்தங்களைக் கண்ட மாதரி குரவைக்கூத்துக்கு ஏற்பாடு செய்கிறாள். ஏழு ஆய்ச்சியரை நிறுத்தி அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயரிடுகிறாள். ஏழு இசைக்கும் ஏழு பெண்கள். அவர்கள் கைகோத்து வட்டமாக ஆடுகிறார்கள். அடுத்து மாதரி செய்வது இன்னும் அழகானது. குரலாக நிற்பவளை மாயவன் என்கிறாள். உடனே அடுத்தவளிடம் போகாமல், ஐந்தாமவளான இளியை அவன் அண்ணன் பலராமன் என்கிறாள். அதன் பிறகே துத்தத்தை நப்பின்னை என்கிறாள். குரலை ஷட்ஜமாகவும் இளியைப் பஞ்சமமாகவும் கொள்வதே இன்றைய வழக்கு. வரிசையில் தள்ளி நிற்கும் இரண்டு சுரங்களை உடன்பிறந்தவர்களாக்கிய அந்த ஒரு செயலில் ஒரு பாடமே இருக்கிறது.

மூன்றாவது ஸ்லைடில் ரி, க, ம. இங்கே எந்த ரி, எந்த க என்று முடிவு செய்தாக வேண்டும். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் முறைப்படி, கர்நாடக இசையில் தொடக்கப் பாடங்கள் மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்தவை. அதில் ஸ 240 என்றால் ரி 256, க 300, ம 320. ரி ஸ-வை ஒட்டி நிற்கிறது, க நன்றாகத் தள்ளி, ம மீண்டும் க-வை ஒட்டி. இந்த நான்கையும் ஒன்றரையால் பெருக்கினால் 360, 384, 450, 480 கிடைக்கும். அவைதான் ப, த, நி, மேல் ஸ. ஏணியின் கீழ்ப் பாதியை அப்படியே தூக்கி மேலே வைத்தது போல. எனவே நான்காவது ஸ்லைடில் புதிதாகக் கற்க ஏதுமில்லை. ஸ-ரி-க-ம பாடிய காது ப-த-நி-ஸ-வைத் தானே பிடித்துக்கொள்ளும்.

பல ஸ்லைடுகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஒரு கட்டை முதல் வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாகக் காட்டி ஏழு சுரம் என்கிறார்கள். அது சங்கராபரணம். அதைக் கேட்டுப் பழகியவர் வகுப்பில் சரளி வரிசைக்கு உட்கார்ந்ததும், அவருடைய ரியும் தவும் ஆசிரியருடையதைவிட உயர்ந்து நிற்கும். மாயாமாளவகௌளைக்கு ஒரு கட்டையில் ரியும் தவும் கறுப்புக் கட்டைகள்.

கடைசி ஸ்லைடு, மொத்த இடங்கள் பன்னிரண்டு என்று சொன்னால் போதும். ஸ-வும் ப-வும் மாறாதவை. மற்ற ஐந்துக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் உண்டு. பதினாறு பெயர்களும் எழுபத்திரண்டு மேளங்களும் இப்போது வேண்டாம். ஆனால் ஒன்றை அங்கேயே சொல்லிவிட வேண்டும். ஸ்லைடில் சுரம் ஒரு புள்ளியாகத் தெரிந்தாலும், பாட்டில் பல சுரங்கள் கமகத்தோடு அசைந்தே வரும். தோடியின் காந்தாரத்தை அசையாமல் பிடித்தால் தோடி வராது. அந்த அசைவுக்குப் படம் உதவாது; ஆசிரியர் பாடக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.