மைக்ராஸ்கோப் உடைஞ்ச கதை: பார்சல் அனுப்புறவங்க படிங்க

1/ திருவெண்ணெய்நல்லூர்ல கிளினிக் வச்சிருக்கேன். லேப் மைக்ராஸ்கோப்பை சர்வீஸுக்காக கூரியர்ல சென்னைக்கு அனுப்பினேன். அதோட விலை 28,000 ரூபாய். போய்ச் சேர்ந்தப்ப ஸ்டேஜ் முறிஞ்சு, ஐபீஸ் கழன்டு கிடந்துச்சு. எனக்குக் கிடைச்சது 1,000 ரூபாய்.

2/ தப்பு என்னோடதுதான். "மதிப்பு எவ்வளவு சார்?"னு புக்கிங் பையன் கேட்டான். 28,000 போட்டா அதுக்குத் தனியா ரிஸ்க் சார்ஜ் 560 ரூபாய். அதை மிச்சம் பண்ண 1,000னு எழுதினேன். கூரியர்காரங்களுக்கு அந்தப் பெட்டியோட விலை அந்த நிமிஷமே 1,000 ஆயிடுச்சு.

3/ சட்டமும் அப்படித்தான். சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007, கூரியருக்கும் பொருந்தும். அதிக மதிப்பை எழுதி, கூடுதல் கட்டணமும் கட்டலைன்னா, வாடகையோட பத்து மடங்குதான் வரம்பு. அதுவும் எழுதின மதிப்பைத் தாண்டாது. நான் கட்டின வாடகை 350. பத்து மடங்கு 3,500. ஆனா எழுதினது 1,000.

4/ கோர்ட்டுக்குப் போனா? பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கு, உச்ச நீதிமன்றம், 1996. ஜெர்மனிக்கு அனுப்பின ஏற்றுமதி ஆவணங்கள் கூரியர்ல போய்ச் சேரலை. மாநில ஆணையம் 4 லட்சத்துக்கு மேல இழப்பீடு கொடுத்துச்சு. கடைசியில நின்னது ரசீதுல அச்சடிச்சிருந்த 100 டாலர் வரம்பு. கையெழுத்துப் போட்ட நிபந்தனை செல்லும்னு தீர்ப்பு.

5/ அந்த 1,000கூட போட்டோ இருந்ததாலதான் வந்துச்சு. "பேக்கிங் சரியில்ல, அதான் உடைஞ்சுது"ங்கிறதுதான் அவங்க முதல் பதில். மோசமான பேக்கிங்னா பொறுப்பு அனுப்பினவர் தலையில. வெளிப்பெட்டி நசுங்காம உள்ளே மட்டும் உடைஞ்சிருந்தா, சந்தேகம் பேக்கிங் மேலதான் விழும்.

6/ அடிதடி கேஸ் வந்தா காயத்தை அப்பவே பதிவு பண்ணுவோம்ல, அதே மாதிரிதான். அனுப்புறப்ப: பொருள் நல்லா இருக்கிற படம், சுத்தி பஞ்சு வச்ச படம், ஒட்டின பெட்டியோட எல்லாப் பக்கமும், லேபிள் தெரியுற மாதிரி. வாங்குறப்ப: பிரிக்கிறதுக்கு முன்னாடி நசுங்கின மூலை, அப்புறம் உடைஞ்ச பொருள். என் பெட்டியில ஒரு மூலை உள்வாங்கியிருந்ததை சென்னை சர்வீஸ்காரர் படம் எடுத்திருந்தார். அதுதான் காப்பாத்துச்சு.

7/ பெட்டி நசுங்கியிருந்தா டெலிவரி ஷீட்ல வெறும் கையெழுத்துப் போடாதீங்க. "பெட்டி சேதம்"னு எழுதிட்டுப் போடுங்க. உடைஞ்சதையும் பெட்டியையும் தூக்கிப் போட்டுடாதீங்க, வந்து பார்க்கணும்பாங்க. அன்னைக்கே எழுத்துல புகார் கொடுங்க. வழக்குப் போடணும்னா, புக் பண்ண நாள்லேருந்து 180 நாளுக்குள்ள எழுத்துப்பூர்வ நோட்டீஸ் போயிருக்கணும். நுகர்வோர் உதவி எண் 1915.

8/ 560 ரூபாய் மிச்சம் பிடிச்சு 27,000 விட்டேன். உண்மையான மதிப்பை எழுதுங்க, பில்லை நகல் எடுத்து வச்சுக்கோங்க.