கடைசி இலைக்கும் அதே பொரியல்

'பந்திக்கு முந்து' என்பார்கள். முந்தவே விடப்படாதவர்களுக்கு அந்தப் பழமொழி எதற்கு? ஊர்க் கல்யாணங்களில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, கொல்லைப்பக்கம் உட்கார வைக்கப்பட்டவர்கள் எங்கள் தாத்தா, பாட்டிகள். பந்தல் போடவும் விறகு பிளக்கவும் எச்சில் இலை எடுக்கவும் அவர்கள் கை வேண்டும். சாம்பார் வாளியை மட்டும் அந்தக் கை தொடக்கூடாது. 1924-25இல் சேரன்மாதேவி குருகுலத்தில் வெடித்த பிரச்சினையும் பந்தியைப் பற்றியதுதான். பிராமண மாணவர்களுக்குத் தனியாகச் சோறு போட்டார்கள். சத்துணவுக் கூடத்தில் தலித் பெண் சமைத்தால் இன்றும் சில ஊர்களில் எதிர்ப்பு வருகிறது. ஆகவே கரண்டி யார் கையில் இருக்கிறது என்பது எங்களுக்குச் சின்ன விஷயமில்லை.

ஏப்ரல் 14 அன்று எங்கள் காலனியில் இலை போட்டு விருந்து வைக்கிறோம். ஊர்த்தெருவிலிருந்தும் வருவார்கள். சென்ற முறை 480 பேர் வந்தார்கள். வரிசைக்கு 30 இலை, நான்கு வரிசை, ஆக ஒரு பந்திக்கு 120 இலை. அப்படி நான்கு பந்தி. பரிமாறியது முழுக்க எங்கள் பிள்ளைகள்தான்.

நான்கு பேர் கொண்ட ஐந்து குழுக்களாகப் பிரிந்தோம். ஒரு பந்தியில் நான்கு குழுக்கள் வரிசைக்கு ஒன்றாகப் பரிமாறும், ஐந்தாவது குழு இலை எடுக்கும். அடுத்த பந்தியில் வேறொரு குழு இலை எடுக்கும். இலை எடுக்கும் முறை வராமல் மிஞ்சுகிற குழு கடைசியில் பாத்திரம் கழுவும். எச்சில் இலை எடுப்பது எந்த ஒருவருக்கும் நிரந்தர வேலையாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தச் சுழற்சி. வாளி நிரப்பிக் கொடுக்க மூன்று பேர், மேற்பார்வைக்கு ஒருவர்.

நுனி இடப்பக்கம் வரும்படி இலை போட்டு, உப்பு, ஊறுகாய், இனிப்பு, பச்சடி, கூட்டு, பொரியல் ஆகியவற்றை மேல்பாதியில் முதலிலேயே வைத்துவிடலாம். அப்பளத்தை வைத்தால் நமுத்துவிடும், அது சோற்றோடுதான் வர வேண்டும். எல்லோரும் உட்கார்ந்த பிறகே சோறு. சோறு போடுபவர் பத்து இலை தாண்டியதும் பருப்பு கிளம்ப வேண்டும், அதன் பின்னாலேயே நெய், பிறகு சாம்பார். சோற்று வாளி காலியானவர் ரச வாளியை எடுப்பார். பருப்புக்காரர் ரசத்துக்கு முன்னால் மறுசோறு கொண்டு போவார். பிறகு பாயசம், மோர். எங்காவது தாமதமானால் இலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சோற்றில் குழி பறித்துவிட்டு ஒரு கை சும்மா காத்திருக்கும்.

முதல் நாள் மாலை தண்ணீரை வைத்துப் பயிற்சி செய்தோம். சாம்பார் கரண்டி 150 மில்லி. வாளியில் நாலரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, வரிசையாக வைத்த 30 தம்ளர்களில் ஊற்றச் சொன்னோம். முதல் சுற்றில் ஒரு தம்பிக்கு 22ஆவது தம்ளரிலேயே வாளி காலி. நான்காவது சுற்றில் முப்பதுக்கும் சரியாக வந்தது.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம்? பொரியலைப் பாருங்கள். இலைக்கு 60 கிராம் என்றால் 480 பேருக்கு 28.8 கிலோ. தாராள மனதோடு கரண்டியைக் குவித்து 80 கிராம் வைத்தால் அதே பொரியல் 360 இலையோடு தீர்ந்துவிடும். அதாவது சரியாக மூன்று பந்தி. நான்காவது பந்திக்கு ஒன்றுமில்லை. கடைசிப் பந்தியை ஏமாற்ற யாரும் திட்டம் போட வேண்டியதில்லை, முதல் பந்தியின் தாராளமே போதும். அதனால் முதல் இலை போடுவதற்கு முன்பே ஒவ்வொரு பதார்த்தத்தையும் நான்கு பங்காகப் பிரித்து மூடி வைக்கிறோம். இரண்டாம் முறை கேட்பவர்களுக்கான 6 கிலோவையும் அப்படியே பிரிக்கிறோம். ஒரு பந்தியின் பங்கை இன்னொரு பந்திக்குத் தொடக்கூடாது.

வந்த வரிசைப்படிதான் உட்கார வேண்டும், யாருக்கும் இடம் பிடித்து வைப்பதில்லை. ஊர்த்தெருவிலிருந்து சிலர் பார்சல் கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். உடம்பு முடியாதவர்களுக்கு மட்டும்தான் பார்சல் என்று நாங்களும் மரியாதையாகவே சொன்னோம். சிலர் திரும்பிப் போனார்கள், சிலர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

பயிற்சியில் அதிக நேரம் எடுத்தது ஒரே ஒரு சொல்தான். "போதுமா?" என்று கேட்காதீர்கள் என்று தம்பி தங்கைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னோம். காலமெல்லாம் கடைசியில் சாப்பிட்ட ஒரு பாட்டி அந்தக் கேள்விக்கு எப்போதும் "போதும்பா" என்றுதான் சொல்வார். வாளியோடு நின்று, கரண்டியைச் சாய்த்துப் போடுங்கள், நிறுத்தச் சொல்வது அவர் கையாக இருக்கட்டும்.

மேற்பார்வையாளர் சாப்பிடுவது நான்காவது பந்தியின் கடைசி இலையில்தான். அவர் இலையில் ஏதாவது குறைந்தால் அந்த இடத்திலேயே கணக்குக் கேட்போம்.